சீனாவில் கடை, கேமனில் பெயர்ப்பலகை

இணைய வணிகக் கம்பெனியான அலிபாபாவின் தலைமையகம் சீனாவின் ஹாங்சோ நகரில் இருக்கிறது. ஊழியர்களும் கிடங்குகளும் வாங்குபவர்களும் விற்பவர்களும் பெரும்பாலும் சீனாவில்தான். ஆனால் அந்தக் கம்பெனி அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 20-F படிவத்தைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே இப்படி இருக்கும்:

```
Cayman Islands
(Jurisdiction of incorporation or organization)
```

அதாவது, நியூயார்க்கில் கைமாறும் அலிபாபா பங்கு ஒரு சீனக் கம்பெனியின் பங்கு அல்ல. கரீபியன் கடலில் உள்ள கேமன் தீவுகள் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் 1999 ஜூனில் பதிவான கம்பெனியின் பங்கு. வீசாட் செயலியை நடத்தும் டென்சென்ட்டும் அப்படியே. சீன இணையக் கம்பெனிகளில் வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் இதே தீவில் பதிவானவைதான். கடை ஓரிடத்தில், பதிவு வேறிடத்தில். இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது "வரி ஏய்க்கத்தான்" என்பது. அந்தப் பதில் பாதிகூடச் சரியில்லை. ஏன் என்று பார்க்கலாம்.

தீவில் என்ன இருக்கிறது?

கேமனில் வருமான வரி இல்லை, கம்பெனி வரி இல்லை, பங்கு விற்ற லாபத்துக்கு வரி இல்லை, ஈவுத்தொகை கொடுக்கும்போது பிடித்தமும் இல்லை. வெளிநாட்டில் தொழில் செய்யும் கம்பெனிகளுக்கென்றே 'விலக்குப் பெற்ற கம்பெனி' என்று ஒரு வகை உண்டு. பின்னாளில் அரசு வரி விதிக்கத் தொடங்கினாலும் உங்களுக்குப் பொருந்தாது என்று, வழக்கமாக 20 ஆண்டுக்கு, எழுத்திலேயே உறுதி வாங்கிக்கொள்ளலாம். அரசுக்கு வருமானம் எங்கிருந்து என்றால், இந்தக் கம்பெனிகள் ஆண்டுதோறும் கட்டும் பதிவுக் கட்டணம், இறக்குமதித் தீர்வை, சுற்றுலா ஆகியவற்றிலிருந்து.

கம்பெனிக்கு அங்கே அலுவலகம் தேவையில்லை; பதிவு முகவரி ஒன்று இருந்தால் போதும். அதை வழக்கறிஞர் நிறுவனங்களும் முகவர் நிறுவனங்களும் கட்டணத்துக்குக் கொடுக்கின்றன. தலைநகர் ஜார்ஜ் டவுனில் உக்லண்ட் ஹவுஸ் என்று ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அந்த ஒரே முகவரியில் 18,857 நிறுவனங்கள் பதிவாகியிருந்ததாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2008-இல் கணக்கெடுத்துச் சொன்னது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவை அங்கே உட்கார்ந்து வேலை செய்வதாக யாரும் சொல்லவில்லை. அது கடிதம் வாங்கும் முகவரி, அவ்வளவுதான்.

வரிக் கணக்கு

சீனாவில் ஒரு செயலி நடத்தும் கம்பெனி 100 யுவான் லாபம் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமை இப்படிக் கீழே இறங்கும்: உச்சியில் கேமன் கம்பெனி, அதற்குச் சொந்தமாக ஒரு ஹாங்காங் கம்பெனி, அதற்குச் சொந்தமாகச் சீனாவில் முழுக்க வெளிநாட்டு முதலீட்டில் இயங்கும் கம்பெனி. தொழில் நடப்பது அந்தக் கடைசிப் படியில்.

லாபம் சீனாவில் வந்ததால் சீனாவின் 25 சதவீதக் கம்பெனி வரி அங்கேயே கட்டியாக வேண்டும். உயர்தொழில்நுட்பக் கம்பெனி என்று அங்கீகாரம் கிடைத்தால் 15 சதவீதம். அந்தச் சலுகையைத் தருவது சீன அரசு. கேமன் பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 25 போக மிச்சம் 75. இதை ஈவுத்தொகையாக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், 7.50 போய்விடும். நேராகக் கேமனுக்கு அனுப்பினால் கையில் கிடைப்பது 67.50.

ஹாங்காங் படி இங்கேதான் வேலைக்கு வருகிறது. சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் உள்ள வரி ஒப்பந்தப்படி, ஹாங்காங் கம்பெனி 25 சதவீதத்துக்குக் குறையாத பங்கு வைத்திருந்தால் பிடித்தம் 5 சதவீதமாகக் குறையும். பிடித்தம் 3.75, கையில் 71.25. ஹாங்காங் ஈவுத்தொகைக்கு வரி போடாது, கேமனும் போடாது.

ஆக, கேமன் பதிவினால் சீன வரியில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. மிச்சமான 3.75 யுவானும் ஹாங்காங் கொடுத்தது. கேமன் செய்வது ஒன்றுதான்: பணம் அந்தப் படியைத் தாண்டும்போது இன்னொரு வரி சேராமல் பார்த்துக்கொள்வது. உள்ளே வரும் ஈவுத்தொகைக்கு 20 சதவீதம் வரி போடும் ஒரு நாட்டில் உச்சிக் கம்பெனியைப் பதிவு செய்திருந்தால், அந்த 71.25-இல் இன்னும் 14.25 போய் 57 மிஞ்சியிருக்கும். அந்த நாட்டில் தொழிலும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. வழியில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சுங்கம் கட்டுவதுபோல் ஆகும்.

இதற்குமேல், பங்குதாரர் ஜப்பானியராக இருந்தால் ஜப்பானிலும், அமெரிக்கராக இருந்தால் அமெரிக்காவிலும் தம் வருமானத்துக்கு அவரவர் வரி கட்டுவார். பல நாட்டு முதலீட்டாளர்கள் ஒரே பானையில் பணம் போடும்போது, யாருடைய நாட்டு வரியும் மற்றவர் தலையில் விழாத இடமாகப் பானையை வைக்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் கேமனை 'வரி நடுநிலை' இடம் என்று சொல்வது இதனால்தான். அந்தச் சொல்லில் கொஞ்சம் விளம்பரமும் கலந்திருக்கிறது. லாபத்தையே செயற்கையாகத் தீவுக்குத் தள்ளி, வீட்டில் வரி கட்டாமல் தப்பிக்க இதே தீவைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அது வேறு கதை; உள்ளூரில் சம்பாதித்து உள்ளூரில் வரி கட்டும் கம்பெனிகூட ஏன் தீவுக்குப் போகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

இந்த 5 சதவீதத்தில் பலர் சறுக்குவார்கள். ஹாங்காங் கம்பெனியில் ஆளும் இல்லை, அலுவலகமும் இல்லை, வந்த பணத்தை அப்படியே மேலே தள்ளிவிடுகிறது என்றால், அது பணத்தின் உண்மையான உரிமையாளர் அல்ல என்று சீன வரித்துறை சலுகையை மறுக்கும். வாங்கியதில் பாதிக்குமேல் 12 மாதத்துக்குள் வேறு நாட்டவருக்குக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால், அதைப் பாதகமான அடையாளமாக எடுத்துக்கொள்வோம் என்று 2018-இல் வந்த அறிவிப்பே சொல்கிறது. காகிதத்தில் மட்டும் 5 சதவீதக் கணக்குப் போட்டு வைத்தவர்கள், ஆய்வு வரும்போது மீதி 5-ஐ அபராத வட்டியோடு கட்ட நேரும்.

முதலீட்டாளர் கேட்கும் சட்டம்

வரி இத்தனை சிறிய வேலைதான் செய்கிறது என்றால் வேறு எதற்குத் தீவு? பெரும்பாலும், பணம் போடுபவர் கேட்கிறார் என்பதற்காக.

அலிபாபாவில் கோல்ட்மன் சாக்ஸ் தலைமையில் 1999-இல் 50 லட்சம் டாலர் வந்தது. மறு ஆண்டு ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 2 கோடி டாலர் கொடுத்தது. புதுக் கம்பெனியில் பணம் போடுபவர்கள் சாதாரணப் பங்கு வாங்க மாட்டார்கள். முன்னுரிமைப் பங்கு கேட்பார்கள். அதன் அருமை தெரிய ஒரு கணக்கு: ஒருவர் 50 லட்சம் டாலர் கொடுத்து 20 சதவீதம் வாங்குகிறார். தொழில் சரியாகப் போகவில்லை. கம்பெனி 80 லட்சத்துக்கு விலை போகிறது. சாதாரணப் பங்கானால் அவருக்குக் கிடைப்பது 16 லட்சம். 'முதலில் போட்ட பணம், பிறகு மற்றவருக்கு' என்ற ஷரத்துள்ள முன்னுரிமைப் பங்கானால் 50 லட்சமும் திரும்பி வரும். மீதி 30 லட்சத்தை நிறுவனர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

அன்றைய சீனக் கம்பெனிச் சட்டத்தில் இப்படி வகைவகையாகப் பங்கு வெளியிட வசதி கிடையாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் பலவகைப் பங்குகளுக்குத் தெளிவான இடம் கிடைத்தது. அலிபாபா தொடங்கிய காலத்தில் வெளிநாட்டவர் சீனக் கம்பெனியில் பங்கு வாங்கினாலும் விற்றாலும் அரசு ஒப்புதல் வேறு. பணம் திரும்ப எடுக்க அந்நியச் செலாவணி விதிகள் வேறு.

கேமனில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபு. கடைசி மேல்முறையீடு லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். என்ன வகைப் பங்கு வேண்டுமோ கம்பெனி விதிகளில் எழுதிக்கொள்ளலாம். செலாவணிக் கட்டுப்பாடு கிடையாது. நிறுவனருக்கு ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு, பொதுமக்களுக்கு ஒரு ஓட்டு என்றும் வைக்கலாம். நியூயார்க்கில் இருக்கும் வழக்கறிஞருக்கு இந்தச் சட்டம் மனப்பாடம். ஒப்பந்தத்தை வரி வரியாகப் புதிதாக ஆராய வேண்டியதில்லை. நியூயார்க், ஹாங்காங் சந்தைகளும் கேமன் கம்பெனியைப் பட்டியலில் சேர்த்துப் பழகியவை. அலிபாபா 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் 68 டாலருக்குப் பங்கு விற்று, மொத்தம் 2,500 கோடி டாலர் திரட்டியது இந்தக் கட்டமைப்பின் உச்சியில் இருந்துதான்.

லைசென்ஸ் சுவர்

சீனாவுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. இணையச் சேவைக்கு லைசென்ஸ் வேண்டும். அந்தத் துறையில் வெளிநாட்டவர் உரிமைக்கு உச்சவரம்பு உண்டு, சில பிரிவுகளில் அடியோடு தடை. கேமன் கம்பெனி என்பது சீனச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். வெளிநாட்டுப் பணம் வேண்டும் என்றால் லைசென்ஸ் கிடைக்காது. லைசென்ஸ் வேண்டும் என்றால் வெளிநாட்டுப் பணம் வராது.

2000-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போன சினா என்ற சீன இணையக் கம்பெனி இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது. லைசென்ஸைச் சீனக் குடிமக்களின் பெயரில் உள்ள தனிக் கம்பெனி வைத்துக்கொள்ளும். கேமன் வழி வந்த கம்பெனிக்கு அதில் ஒரு பங்குகூட இருக்காது; ஒப்பந்தங்கள் மட்டும் இருக்கும். லைசென்ஸ் கம்பெனி தன் லாபத்தைச் 'சேவைக் கட்டணமாக' இந்தப் பக்கம் கொடுத்துவிட வேண்டும். அதன் உரிமையாளர்கள் தங்கள் ஓட்டுரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும், பங்குகளை அடமானம் வைக்க வேண்டும், கேட்டபோது குறித்த விலைக்குப் பங்கை மாற்றிக் கொடுக்கவும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனையும் கையில் இருந்தால், கணக்கியல் விதிப்படி அந்தக் கம்பெனியின் வரவு செலவைத் தன் கணக்கோடு சேர்த்துக் காட்டலாம். 20-F படிவத்தில் `variable interest entity` என்று தேடினால் இந்தப் பகுதி கிடைக்கும். பங்கு வாங்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். இதற்கு வரிச் செலவும் உண்டு: லாபத்தைக் கட்டணமாக இழுத்தால் அதன்மேல் 6 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேரும்.

இன்னொரு படியைத் தவறவிடக்கூடாது. நிறுவனர் சீனவாசி என்றால், வெளிநாட்டில் கம்பெனி வைத்துத் தன் உள்ளூர்த் தொழிலுக்குப் பணம் திரட்டப் போவதை அந்நியச் செலாவணித் துறையில் பதிவு செய்ய வேண்டும். சேரும்போது யாரும் கேட்பதில்லை என்று விட்டுவிடுவார்கள். பிறகு சீனாவில் உள்ள கம்பெனி ஈவுத்தொகை அனுப்பப் போகும்போது வங்கி கையை விரித்துவிடும்.

ஒப்பந்தம் உரிமை ஆகாது

இந்தக் கட்டமைப்பின் பலவீனம் 2011-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது அலிபாபாவில் யாகூவுக்கு 40 சதவீதத்துக்கும் கொஞ்சம் அதிகமான பங்கு. பணப் பரிமாற்றச் சேவைக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று சீன மத்திய வங்கி 2010-இல் விதி கொண்டுவந்தது. வெளிநாட்டு உரிமை இருந்தால் லைசென்ஸ் கிடைப்பது சந்தேகம் என்ற நிலை. அலிபாபா குழுமத்தின் பணப் பரிமாற்றச் சேவையான அலிபே, அலிபாபாவின் நிறுவனர் ஜாக் மா கட்டுப்பாட்டில் இருந்த உள்நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றம் முன்கூட்டித் தனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று யாகூ 2011 மே மாதம் வெளியே சொன்னது. லைசென்ஸுக்கு வேறு வழியில்லை என்பது அலிபாபா தரப்பின் வாதம். இரண்டு மாதம் கழித்துச் சமரசம் ஆயிற்று: பின்னாளில் அலிபே பங்குச் சந்தைக்கு வந்தாலோ விற்கப்பட்டாலோ அலிபாபாவுக்கு 200 கோடி முதல் 600 கோடி டாலர் வரை கிடைக்கும் என்று எழுதிக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: கேமன் சட்டம் எத்தனை உறுதியானதாக இருந்தாலும், அது கேமன் கம்பெனிக்குள் மட்டும்தான் செல்லும். சீனாவில் உள்ள லைசென்ஸும் கட்டடமும் வங்கிக் கணக்கும் சீன நீதிமன்றத்தின் கையில். கேமனில் வழக்கு ஜெயித்தால் கிடைப்பது, கீழே இருப்பதைப் பிடிக்க இன்னொரு வழக்குப் போடும் உரிமை.

அதே சமயம், உச்சியில் நடக்கும் சண்டைக்கு அந்த நீதிமன்றம் பயன்படவும் செய்கிறது. லக்கின் காபி என்ற கம்பெனியும் சீனாவில் கடை, கேமனில் பதிவு. சுமார் 220 கோடி யுவான் விற்பனை போலி என்று 2020 ஏப்ரலில் தெரிந்தது. கடன் பத்திரம் வைத்திருந்த வெளிநாட்டவர்கள் யாரும் சீனக் காபிக் கடைகளைப் பூட்டப் போகவில்லை. கேமன் நீதிமன்றம் தற்காலிகக் கலைப்பு அதிகாரிகளை நியமித்தது. அவர்கள் மேற்பார்வையில் கடன் மறுசீரமைக்கப்பட்டது. கடைகள் திறந்தே இருந்தன.

சொந்த நாடு கையை நீட்டும்போது

தீவுப் பதிவின் இன்னொரு வசதி, மொத்தத் தொழிலையும் கேமன் பங்கை விற்றே கைமாற்றலாம் என்பது. கீழே எந்தச் சீனப் பங்கும் அசையாது. 2007 பிப்ரவரியில் வோடஃபோன் இந்தியாவின் ஹட்ச் கைபேசிச் சேவையை வாங்கியது இப்படித்தான்: சுமார் 1,100 கோடி டாலருக்கு அது வாங்கியது சிஜிபி இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கேமன் கம்பெனியை. டவர்களும் வாடிக்கையாளர்களும் இந்தியாவில், விற்பனை தீவில். வருமான வரித்துறை கேட்ட சுமார் 11,200 கோடி ரூபாயைக் கட்ட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. முன்தேதியிட்டதை 2021-இல் அரசே விலக்கிக்கொண்டது. ஆனால் விதி நிற்கிறது: வெளிநாட்டுக் கம்பெனியின் மதிப்பில் பாதியாவது இந்தியச் சொத்திலிருந்து வந்து, அந்தச் சொத்து 10 கோடி ரூபாயைத் தாண்டினால், தீவில் விற்றாலும் இங்கே வரி உண்டு. சீனாவும் 2009-இலேயே இப்படிக் கேட்கத் தொடங்கி, 2015-இல் விதியை இறுக்கியது. அங்கே லாபத்தில் 10 சதவீதம். பங்குச் சந்தையில் வாங்கி அங்கேயே விற்பவருக்கு விலக்கு.

இரண்டாவது கை, நிர்வாகம் எங்கே நடக்கிறது என்ற கேள்வி. பதிவு எங்கிருந்தாலும், முக்கிய முடிவுகள் உள்நாட்டில் எடுக்கப்பட்டால் அந்தக் கம்பெனி உள்நாட்டுக் கம்பெனிதான் என்று இரு நாட்டுச் சட்டமும் சொல்கிறது. அப்போது அதன் உலக வருமானம் முழுக்க இங்கே வரிக்கு வரும். இதை ஆய்வு அதிகாரி கண்டுபிடிப்பது எளிது: இயக்குநர் கூட்டத்தின் குறிப்பேடு தீவில் நடந்ததாகச் சொல்லும், அன்று இயக்குநர்களின் பாஸ்போர்ட்டில் வெளியே போன முத்திரையே இருக்காது.

திரும்பி வரும் கட்டணம்

தீவில் பதிவு செய்ய சில நாட்கள் போதும். திரும்புவது அப்படியல்ல. உச்சிக் கம்பெனியை எடுத்துவிட்டு உள்நாட்டுக் கம்பெனியை மேலே வைக்க வேண்டுமென்றால், பங்குதாரர்கள் பழைய பங்கைக் கொடுத்துப் புதுப் பங்கு வாங்க வேண்டும். பணம் கைமாறாவிட்டாலும் பல சமயம் சட்டத்தின் பார்வையில் அது விற்பனை. தொடங்கியபோது சில லட்சமாக இருந்த மதிப்பு இப்போது ஆயிரக்கணக்கான கோடி; அந்த ஏற்றம் முழுவதற்கும் அன்றே வரி. தொழில் முழுக்க இந்தியாவில், பதிவு சிங்கப்பூரில் என்று இருந்த ஃபோன்பே 2022-இல் இந்தியாவுக்குப் பதிவை மாற்றியபோது, வால்மார்ட் உள்ளிட்ட பங்குதாரர்கள் கட்டியது கிட்டத்தட்ட 8,000 கோடி ரூபாய். அமெரிக்காவின் டெலவேரிலிருந்து திரும்பிய க்ரோ என்ற முதலீட்டுச் செயலிக் கம்பெனி சுமார் 1,340 கோடி கட்டியது. இந்தியச் சந்தையில் பங்கு விற்றால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இருவரும் கட்டினார்கள். அந்தக் கணக்கு கைகூடாத கம்பெனிகள் இன்னும் தீவிலேயே இருக்கின்றன.